நோட்டில் யார் பெயர் இல்லை?

1976-77 கல்வியாண்டில் பேரி தோர்ன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் கலிபோர்னியாவில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போய்வரத் தொடங்கினார். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து நடந்த ஒரு வகுப்பறையில் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்தார். இடைவேளையில் மைதானத்தில் நின்றார், மதியம் உணவுக்கூடத்தில் சுற்றிவந்தார். பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு 1980-இல் மிச்சிகன் மாநிலத்தில் இன்னொரு பள்ளியிலும் இதையே செய்தார். அந்த இரண்டு பள்ளிகளும் ஓஷன்சைடு, ஆஷ்டன் என்ற மாற்றுப் பெயர்களில் 'ஜெண்டர் ப்ளே' என்ற அவருடைய நூலில் இடம்பெற்றன. நூல் வெளியானது 1993-இல்.

அவர் விடை தேடிய கேள்வி எந்தப் பள்ளி மைதானத்திலும் எழக்கூடியது. சிறுவர்களும் சிறுமிகளும் ஏன் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிறார்கள்? அது அவர்களுடைய இயல்பா, அல்லது பள்ளியில் ஒவ்வொரு நாளும் உருவாக்கப்படுவதா?

இதைக் கேள்வித்தாள் கொடுத்தும் ஆராயலாம். 'உன் நெருங்கிய நண்பர்கள் மூவர் பெயரை எழுது' என்றால் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். பையன்கள் பையன்கள் பெயரையும் பெண் பிள்ளைகள் பெண் பிள்ளைகள் பெயரையும் எழுதியிருப்பார்கள். கணக்கு முடிந்துவிடும். ஆனால் தோர்ன் அங்கேயே இருந்ததால் வேறொன்றும் அவருக்குத் தெரியவந்தது. தெருவில் ஒன்றாக விளையாடும் ஒரு பையனும் பெண்ணும் பள்ளிக்குள் வந்ததும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல நடந்துகொள்வதுண்டு. கேலிக்குப் பயந்து அந்த நட்பு பள்ளி நேரத்தில் ஒளிந்துகொள்கிறது. கேள்வித்தாளில் அந்த நட்பு பதிவாகாது, அது ஒளிந்துகொள்ள வேண்டியிருந்த காரணமும் பதிவாகாது.

மக்கள் வாழும் இடத்துக்கே போய், நீண்ட நாள் உடனிருந்து, பார்த்ததை எழுதிப் புரிந்துகொள்ளும் இந்த முறைக்கு இனவரைவியல் என்று பெயர். தொலைவிலுள்ள தீவுகளையும் பழங்குடிகளையும் ஆராய்ந்த மானிடவியலாளர்கள் வளர்த்தெடுத்த முறை இது. பள்ளிக்குள் நுழையும்போது இதற்கு ஒரு தனிச் சிக்கல் வந்துவிடுகிறது. நாம் எல்லோரும் பள்ளியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர்கள். எனவே அங்கே எதைப் பார்த்தாலும் 'இது தெரிந்ததுதானே' என்று மனம் கடந்து போய்விடும். தோர்னின் ஆய்வு அந்தச் சிக்கலை எப்படிக் கடந்தது என்பதைப் பின்தொடர்ந்தால், பள்ளியை ஆராய்பவர் உள்ளே நுழையும் விதமும், எழுதும் விதமும், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் விதமும் தனித்தனிப் படிகள் அல்ல என்பது விளங்கும். ஒன்றில் நேர்ந்த பிசகு அடுத்ததில் வந்து நிற்கும்.

அனுமதிக் கடிதமும் அதற்குப் பிறகும்

பள்ளிக்குள் ஆய்வாளர் நுழைய ஒரு கையெழுத்து போதாது. மேலிருந்து கீழே பல படிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆய்வு செய்ய விரும்புபவர் பொதுவாகக் கல்வித் துறை அதிகாரியிடம் அனுமதி பெற்று, அந்தக் கடிதத்தோடு தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டியிருக்கும். தலைமையாசிரியர் ஒரு வகுப்பைக் காட்டுவார். வகுப்பாசிரியர் தலையாட்டுவார். இவ்வளவும் நடந்த பிறகும் ஆய்வாளர் உள்ளே வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தாரோ, அவருடைய ஆளாகத்தான் மற்றவர்கள் அவரைப் பார்ப்பார்கள். அதிகாரியின் கடிதத்தோடு வந்தவர் ஆசிரியர் கண்ணுக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரிபோலத் தெரிவார். தலைமையாசிரியரோடு வகுப்புக்குள் நுழைந்தவரைப் பிள்ளைகள் புது டீச்சர் என்று எழுந்து நின்று வணங்குவார்கள்.

இந்த முத்திரை விழுந்துவிட்டதா என்பதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் கரும்பலகை துடைத்திருக்கும், பாடத் திட்டம் மேசைமேல் இருக்கும், ஆசிரியர் கேள்வி கேட்கும்போது நன்றாகப் படிக்கும் நான்கு பிள்ளைகளையே எழுப்புவார். அப்போது ஆய்வாளர் பார்ப்பது அன்றாட வகுப்பு அல்ல, தனக்காக நடத்திக் காட்டப்படும் வகுப்பு. இதற்கு மருந்து நாட்கள்தான். யாரும் வாரக்கணக்கில் நடித்துக்கொண்டே இருக்க முடியாது. ஆசிரியர் ஒருநாள் களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தால், அல்லது ஆய்வாளர் எதிரிலேயே ஒரு பிள்ளையைக் கடிந்துகொண்டால், நுழைவு நடக்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். அதுவரை கேட்டதையும் கண்டதையும் யாரிடமும் கொண்டுபோகாமல் இருந்ததுதான் அந்த நம்பிக்கையைத் தந்திருக்கும்.

பிள்ளைகளிடம் நுழைவது இன்னொரு வேலை. பெரியவர்கள் கொடுத்த அனுமதி அவர்களைக் கட்டுப்படுத்தாது. வில்லியம் கோர்சாரோ என்ற ஆய்வாளர் 1970-களில் பெர்க்லியில் ஒரு மழலையர் பள்ளியில் கையாண்ட வழி பேர்பெற்றது. வழக்கமாகப் பெரியவர்கள் குழந்தைகளை நோக்கிப் போவார்கள், கேள்வி கேட்பார்கள், சண்டையை விலக்குவார்கள். கோர்சாரோ இவை எதையும் செய்யவில்லை. குழந்தைகள் விளையாடும் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, அவர்களாகப் பேசும்வரை காத்திருந்தார். குழந்தைகள் நாளடைவில் வந்து பேசினார்கள், பிறகு விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்கள், 'பெரிய பில்' என்று பெயரும் வைத்தார்கள். பெரியவர்தான், ஆனால் மற்றப் பெரியவர்களைப் போல இல்லாதவர் என்ற இடம் அவருக்குக் கிடைத்தது.

நான்சி மேண்டல் என்ற ஆய்வாளர் 1988-இல் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். உடல் அளவைத் தவிர மற்ற எல்லா வேறுபாட்டையும் விலக்கிவைத்து, ஆய்வாளர் குழந்தைகளில் ஒருவராகவே ஆகிவிட முடியும் என்பது அவர் நிலைப்பாடு. தோர்ன் அவ்வளவு தூரம் போகவில்லை. ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் தன்னை ஒரு சிறுமியாக ஒருபோதும் எண்ணப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அவருடைய மைதானத்தில் வேறு பெரியவர்கள் என்றால் கண்காணிப்புப் பணியிலுள்ள உதவியாளர்கள்தான். அதனால் 'அவன் அடிச்சிட்டான்', 'அவ பந்தைத் தரமாட்டேங்கறா' என்று புகார் சொல்லப் பிள்ளைகள் அவரிடமும் வருவார்கள். அந்த அதிகாரத்தைக் கையில் எடுக்காமல் இருப்பதையே அவர் தன் வேலையாக வைத்துக்கொண்டார்.

அதற்குப் பலனும் கிடைத்தது. வகுப்பு நடக்கும்போதே மேசைக்கு அடியில் பிள்ளைகளிடையே ஒரு தனிச் சந்தை நடந்துகொண்டிருந்தது. பள்ளியில் அனுமதிக்கப்படாத தின்பண்டம், உதட்டுச் சாயம், சின்ன பொம்மைக் கார் எல்லாம் கைமாறின. யார் யாருக்குக் கொடுக்கிறார்கள், யாருக்கு மறுக்கிறார்கள் என்பதில் வகுப்பின் நட்பு வரைபடமே அடங்கியிருந்தது. ஆசிரியர் பார்வையில் படாத அந்தச் சந்தை தோர்னின் பார்வையில் பட்டது. அவர் பார்த்துவிட்டும் சொல்லவில்லை என்று பிள்ளைகளும் கண்டுகொண்டார்கள். பள்ளி ஆய்வில் பிள்ளைகள் வைக்கும் சோதனை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சின்ன விதிமீறல் ஒன்றை உங்கள் கண்ணெதிரே செய்துவிட்டு, அது ஆசிரியர் காதுக்குப் போகிறதா என்று பார்ப்பார்கள்.

சொல்லாமல் இருப்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை முதல் நாளே வகுத்துக்கொண்டு பிள்ளைகளுக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். ஒரு குழந்தைக்குக் கேடு நேர்கிறது என்று தெரிந்தால் ஆய்வாளர் வாய்மூடி இருக்க முடியாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம், அப்படியொரு குற்றம் நடந்ததாகவோ நடக்கக்கூடும் என்றோ அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. ஆய்வாளருக்கு அதில் விலக்கு இல்லை. எனவே 'நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று ஒரு குழந்தையிடம் வாக்குக் கொடுப்பதே தவறு. 'உனக்கோ இன்னொருத்தருக்கோ ஆபத்துன்னா மட்டும் உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லுவேன், மத்தபடி சொல்லமாட்டேன்' என்பதுதான் நேர்மையான வாக்கு.

கிறுக்கல் எப்படிக் குறிப்பாகிறது

களக்குறிப்பு என்றால் பலரும் நாட்குறிப்பைப் போன்றது என்று எண்ணுகிறார்கள். அன்று நடந்ததன் சுருக்கத்தை எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள். சுருக்கம்தான் களக்குறிப்புக்கு முதல் எதிரி. தோர்ன் பதிவு செய்த ஒரு வகுப்புக் காட்சியை வைத்து இதைப் பார்க்கலாம்.

ஒருநாள் ஆசிரியை கணக்குப் போட்டி வைக்கிறார். பையன்கள் ஓர் அணி, பெண் பிள்ளைகள் ஓர் அணி. கரும்பலகையில் கூட்டல், கழித்தல் கணக்குகளை எழுதுவார். அணிக்கு ஒருவராக ஓடிவந்து முதலில் விடை எழுத வேண்டும். மதிப்பெண் குறிக்க இரண்டு பத்திகள் போடுகிறார். பையன்கள் பத்திக்கு மேலே மிருகத்தனமான பையன்கள் என்ற பொருளிலும், பெண்கள் பத்திக்கு மேலே வம்பு பேசும் பெண்கள் என்ற பொருளிலும் தலைப்பு எழுதுகிறார். போட்டி சூடுபிடிக்கிறது. பையன்கள் எதிரணியைப் பழித்துக் கத்துகிறார்கள். பெண் பிள்ளைகள் மேசைகளின் மேல் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் காதில் ஒருவர் எதையோ சொல்லிக் கடத்துகிறார்கள். பையன்கள் சுவரோரம் நிற்கிறார்கள். வென்று திரும்புபவரை அவரவர் அணி உள்ளங்கையில் தட்டி வரவேற்கிறது.

இந்த வகுப்பைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், 'கணக்குப் போட்டி நடந்தது, பையன்களும் பெண்களும் மிகுந்த போட்டி மனப்பான்மையோடு பங்கேற்றார்கள்' என்று எழுதினால் அது சுருக்கம். பிழை ஏதும் இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது. 'போட்டி மனப்பான்மை' என்பது பார்த்தது அல்ல, பார்த்ததைப் பற்றி எழுதியவர் கொடுத்த தீர்ப்பு. மேசைமேல் வரிசையாக உட்கார்ந்தது, சுவரோரம் நின்றது, பத்தியின் தலைப்பை எழுதியது யாருடைய கை என்பது, இவை பார்த்தவை. தோர்னின் வாதத்துக்குத் தூணாக நின்றது இந்தக் கடைசி விவரம்தான். அணி பிரித்தவரும் பெயர் சூட்டியவரும் ஆசிரியை. பிள்ளைகள் அந்தப் பிளவை எடுத்துக்கொண்டு, உட்காரும் விதத்திலும் கத்தும் விதத்திலும் அதைப் பெரிதாக்கினார்கள். 'பிள்ளைகள் இயல்பாகவே பிரிகிறார்கள்' என்ற முடிவுக்கு இந்தக் குறிப்பு இடம் தரவில்லை. சுருக்கம் எழுதியிருந்தால் இடம் தந்திருக்கும்.

அந்த நேரத்தில் வகுப்பில் உட்கார்ந்தபடி இவ்வளவையும் எழுத முடியாது. எழுதக்கூடியது கிறுக்கல்தான். 'கணக்குப் போட்டி, பை/பெ, 2 பத்தி, தலைப்பு டீச்சர், பெ மேசைமேல் வரிசை, காதுக்குக் காது, பை சுவர்' என்ற அளவில் சில சொற்கள். யாராவது சொன்ன வாக்கியம் முக்கியம் என்று தோன்றினால் அதை மட்டும் சொன்னபடியே எழுதிக்கொள்ள வேண்டும். நினைவு முதலில் தவறவிடுவது வாய்ச்சொல்லைத்தான். வகுப்பறையில் எழுதுவது எளிது, அங்கே எல்லோரும் எழுதிக்கொண்டுதான் இருப்பார்கள். மைதானத்தில் நோட்டை எடுத்தால் நான்கு தலைகள் எட்டிப்பார்க்கும். 'என்ன எழுதறீங்க?' என்று கேட்டால் காட்டத் தயாராக இருப்பது நல்லது. காட்ட முடியாத எதையும் பள்ளிக்குள் வைத்து எழுதாமல் இருப்பது அதைவிட நல்லது.

உண்மையான எழுத்து வீட்டுக்குப் போனதும் தொடங்குகிறது. எமர்சன், ஃப்ரெட்ஸ், ஷா ஆகிய மூவரும் சேர்ந்து 1995-இல் களக்குறிப்பு எழுதுவதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார்கள். இந்தத் துறைக்கு வருபவர்கள் இன்றும் அதைக் கையில் எடுக்கிறார்கள். பார்த்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது அதே அளவு நேரம் எழுத ஒதுக்க வேண்டும் என்பது களத்தில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. காலையில் மூன்று மணி நேரம் வகுப்பில் இருந்தால் மாலை முழுவதும் எழுத்துக்குப் போய்விடும். இன்னும் இரண்டு விதிகள் உண்டு. தூங்குவதற்கு முன் எழுதி முடிக்க வேண்டும். எழுதுவதற்கு முன் அன்று பார்த்ததைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது கதையாக உருண்டு திரண்டுவிடும். பிறகு காகிதத்தில் இறங்குவது அந்தக் கதைதான், கண்ட காட்சி அல்ல.

விரித்து எழுதும்போது மூன்று வகை எழுத்தைத் தனித்தனியே வைத்தால் பின்னால் குழப்பம் வராது. கண்டதும் கேட்டதும் ஒரு பக்கம். அதற்கு என்ன பொருள் இருக்கக்கூடும் என்ற ஊகம் அடைப்புக்குறிக்குள். அப்போது தன் மனம் எப்படி இருந்தது என்பது இன்னோர் இடத்தில். எரிச்சல் வந்ததா, அலுப்பாக இருந்ததா, யாரையாவது பிடித்துப்போயிற்றா என்பதெல்லாம் அங்கே போகும். தொடக்கக்கால ஆய்வாளர்கள் பலர் இந்த மூன்றாவதை எழுதுவதில்லை. ஆய்வுக்குத் தேவையில்லாத சொந்த விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். தோர்னுக்குத் தன் ஆய்வின் பெரிய திருப்பத்தைக் கொடுத்தது அந்த மூன்றாவது வகைதான்.

எழுதியவரைக் குறிப்பில் தேடுவது

ஆய்வாளர் தன் பார்வையையே ஆய்வுப் பொருளாக்கிச் சோதிப்பதைத் தற்பரிசீலனை என்கிறார்கள். முன்னுரையில் 'நான் ஒரு பெண், நடுத்தர வர்க்கம், இது என் பார்வையைப் பாதித்திருக்கலாம்' என்று இரண்டு வரி எழுதிவிட்டு நகர்வது தற்பரிசீலனை ஆகாது. பாதித்ததா, எந்த இடத்தில், எந்தப் பக்கமாக என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு வேலை செய்யும் விதத்தை மாற்றவும் வேண்டும்.

தோர்ன் தன் குறிப்புகளைத் திரும்பப் படித்தபோது ஒரு பெண் பிள்ளையின் பெயர் அளவுக்கு மீறி வருவதைக் கண்டார். வகுப்பில் எல்லோரும் விரும்பிய, எல்லோரும் சுற்றிவந்த பெண் அவள். இன்னொரு பக்கம், மற்றப் பிள்ளைகள் ஒதுக்கிவைத்த ஒரு சிறுமியிடமிருந்து தானும் விலகியே இருந்திருக்கிறோம் என்பதும் புலப்பட்டது. தன்னுடைய பள்ளிப் பருவத்து நினைவுகள், அப்போது யாரைப்போல இருக்க ஆசைப்பட்டோம், யாராகிவிடுவோமோ என்று அஞ்சினோம் என்பவை நாற்பதை நெருங்கும் வயதில் தன் பேனாவை நடத்திச் சென்றிருப்பதை அவர் உணர்ந்தார். அவர் ஒரு தாயும்கூட. எனவே சில நேரம் தாயின் கண்ணோடும் சில நேரம் அந்தப் பழைய சிறுமியின் கண்ணோடும் பார்த்திருக்கிறார். பெண் பிள்ளைகள் உலகம் அவருக்கு உள்ளிருந்து தெரிந்தது, பையன்கள் உலகம் வெளியிலிருந்து தெரிந்தது.

இதை உணர்ந்த பிறகு பையன்களைப் பற்றிய குறிப்புகளையும் அவர் அதே சந்தேகத்தோடு புரட்டினார். அங்கேதான் ஆய்வின் மையமே அசைந்தது. அன்றைய ஆய்வு நூல்கள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடின. பையன்கள் பெரிய குழுவாகச் சேர்வார்கள், அதில் தலைவன் ஒருவன் இருப்பான், உடல்மோதல் இருக்கும். பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்வார்கள், ரகசியம் பகிர்வார்கள். தோர்னின் வகுப்பிலும் பார்த்த மாத்திரத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பெயர் பெயராகப் பிரித்துப் பார்த்தபோது, 'பையன்கள்' என்று தான் எழுதிய பல இடங்களில் இருந்தது வகுப்பின் செல்வாக்குள்ள ஒரு சிறு கும்பல் மட்டுமே என்று தெரிந்தது. மைதானத்தின் நடுவை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள், அவர்கள் குரல்தான் கேட்டது, எனவே கண்ணும் நோட்டும் அவர்கள் பின்னால் போயின. மற்றப் பையன்கள் அந்தச் சித்திரத்தில் பொருந்தவில்லை. தனியே திரிந்தவர்கள் இருந்தார்கள், ஒரே ஒரு நண்பனோடு இருந்தவர்கள் இருந்தார்கள், பெண்களோடு விளையாடியவர்களும் இருந்தார்கள்.

ஓர் ஊரின் பெரியதனக்காரர்களிடம் மட்டும் பேசிவிட்டு 'இந்த ஊர் ஆண்கள்' என்று எழுதும் பழைய மானிடவியல் பழக்கத்தின் பள்ளிக்கூட வடிவம் இது என்று தோர்ன் கண்டார். 'பெரிய மனிதர் சாய்வு' என்ற பொருளில் அதற்கு ஒரு பெயரும் இட்டார். சத்தமாக இருப்பவர்களை மொத்தக் கூட்டத்துக்கும் பிரதிநிதியாக எடுத்துக்கொள்வதுதான் அந்தச் சாய்வு.

அதன்பிறகு அவர் கேட்ட கேள்வியே மாறியது. பையன்கள் எப்படி, பெண்கள் எப்படி என்று கேட்பதை விட்டு, எந்தச் சூழலில் பிரிகிறார்கள், எந்தச் சூழலில் சேர்கிறார்கள் என்று கேட்டார். பிரிவும் சேர்க்கையும் ஒரே நாளில் மாறி மாறி வருவதை அவர் காட்டினார். தங்கள் இருக்கையைத் தாங்களே தேர்ந்தெடுக்கவிட்டால் வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும். பெரியவர்கள் கலந்து உட்காரவைத்தாலோ, எல்லோரையும் இழுத்துக்கொள்ளும் ஒரு வேலையைக் கொடுத்தாலோ பிளவு மங்கிவிடும். வரிசையில் நின்று முறை வந்ததும் யார் வேண்டுமானாலும் இறங்கி ஆடக்கூடிய பந்து விளையாட்டில் இருவரும் கலந்தார்கள். அங்கே 'உன்னைச் சேர்த்துக்கொள்வேன், அவளைச் சேர்க்கமாட்டேன்' என்று ஒருவரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தேர்வு இல்லாத இடத்தில் கேலிக்கும் வழியில்லை.

சேர்வதே பிளவை உறுதிப்படுத்தும் நேரங்களும் இருந்தன. துரத்திப் பிடிக்கும் விளையாட்டு, தொட்டால் தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்ற பாவனை, மேலே பார்த்த கணக்குப் போட்டி எல்லாம் அந்த வகை. இரு பக்கமும் நெருங்கி வந்தாலும் எல்லைக்கோடு இன்னும் தடிமனாகிறது. இனக்குழுக்களின் எல்லைகளைப் பற்றி நார்வே மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969-இல் முன்வைத்த சிந்தனையை எடுத்து, தோர்ன் இதை எல்லைப் பணி என்ற பொருளில் விளக்கினார். அந்தத் தீட்டு பெரும்பாலும் பெண் பிள்ளைகளிடமிருந்து பையன்களுக்கு ஒட்டுவதாகவே பாவிக்கப்பட்டது என்பதையும் அவர் விடாமல் பதிந்தார். விளையாட்டில்கூட இரு பக்கமும் சமமாக இல்லை.

ஒட்டுறவின் விலை

தற்பரிசீலனை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு, மிகச் சிறந்ததென்று போற்றப்படும் ஒரு நூலே சான்று. பிரிட்டிஷ் ஆய்வாளர் பால் வில்லிஸ் 1977-இல் 'லேர்னிங் டு லேபர்' வெளியிட்டார். தொழில் நகரம் ஒன்றில் 12 தொழிலாளர் வர்க்கப் பையன்களைப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளிலும், பிறகு வேலைக்குப் போன முதல் மாதங்களிலும் பின்தொடர்ந்த ஆய்வு. ஆசிரியர்களைக் கிண்டலடித்து, பாடத்தைப் புறக்கணித்து, பள்ளியை எதிர்க்கும் அந்த எதிர்ப்பே அவர்களைத் தங்கள் அப்பாக்கள் பார்த்த அதே தொழிற்சாலை வேலைக்குள் எப்படித் தள்ளுகிறது என்று வில்லிஸ் காட்டினார். அந்த விளக்கத்துக்கு இன்றும் வலு குறையவில்லை.

ஆனால் 1980-இல் ஏஞ்சலா மெக்ராபி ஒரு கேள்வி எழுப்பினார். அந்தப் பையன்கள் பெண்களைப் பற்றிப் பேசிய இழிவான பேச்சு நூலில் இருக்கிறது, அதன் கொடுமையை நூல் எதிர்கொள்ளாதது ஏன்? பையன்களின் துணிச்சலில் ஆய்வாளர் காட்டிய பரிவு, அந்தத் துணிச்சலுக்கு இரையான பெண்களின் பக்கத்தை மறைத்துவிட்டது என்பது அவர் விமர்சனம். அதே பள்ளியில் பாடத்தை ஏற்றுக்கொண்டு படித்த மற்றப் பையன்களும் நூலில் அந்தக் கும்பலின் ஏளனத்தின் வழியாகவே பெரும்பாலும் தெரிகிறார்கள். நுழைவில் எந்தக் குழு அவருக்குக் கதவைத் திறந்ததோ, அந்தக் குழுவின் கண்ணாடியே எழுத்திலும் தங்கிவிட்டது. நன்றாக நுழைந்துவிட்டோம் என்ற மகிழ்ச்சி வரும்போதுதான் ஆய்வாளர் கூடுதலாக விழிப்போடு இருக்க வேண்டும் என்பதற்கு இது பாடம்.

இந்தச் சாய்வை எழுதி முடித்த பிறகு அல்ல, களத்தில் இருக்கும்போதே பிடிக்க வழிகள் உண்டு. சில வாரங்களுக்கு ஒருமுறை குறிப்புகளை எடுத்து வகுப்புப் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணினால் போதும். 35 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆறு பெயர்கள் பக்கங்களை நிரப்பியிருக்கும், பத்துப் பெயர்கள் ஒருமுறைகூட வந்திராது. அடுத்த வாரம் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அதுபோலவே எந்த நேரம், எந்த இடம் குறிப்பில் இல்லை என்று பார்க்க வேண்டும். காலை வழிபாட்டையும் இரண்டாம் பாடவேளையையும் பார்த்தவர், பள்ளி விட்டபின் வாசலில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்திருக்கமாட்டார். மூன்றாவதாக, எங்கெல்லாம் 'மாணவர்கள்', 'எல்லோரும்', 'வழக்கமாக' என்று எழுதியிருக்கிறதோ அங்கெல்லாம் நின்று, எந்த மாணவர்கள், எத்தனை பேர், எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாத வாக்கியத்தை அடித்துவிடலாம்.

இவ்வளவு செய்தாலும் இந்த முறை சொல்லக்கூடியதற்கு வரம்பு இருக்கிறது. இரண்டு பள்ளிகளைப் பார்த்துவிட்டு அமெரிக்கப் பள்ளிகளில் எத்தனை விழுக்காடு பிள்ளைகள் கலந்து விளையாடுகிறார்கள் என்று தோர்னால் சொல்ல முடியாது. அவர் அதைச் சொல்லவும் முயலவில்லை. பிரிவு எந்த வழியாக உருவாகிறது, யார் கை அதில் இருக்கிறது, எந்த ஏற்பாடு அதைக் கரைக்கிறது என்பதை அவர் சொன்னார். எத்தனை என்ற கேள்விக்குக் கணக்கெடுப்பு வேண்டும், எப்படி என்ற கேள்விக்கு உடனிருந்து பார்த்தவர் வேண்டும்.

நம் பள்ளிகளைப் பற்றியும் ஆய்வுகள் வருகின்றன, செய்திக் கட்டுரைகள் வருகின்றன. 'அரசுப் பள்ளி மாணவர்கள் இப்படி', 'முதல் தலைமுறை மாணவர்கள் அப்படி' என்று அவை சொல்லும்போது வாசகர் கேட்கவேண்டிய கேள்விகளை இந்த ஆய்வு நமக்குத் தருகிறது. இதை எழுதியவர் யார் வழியாகப் பள்ளிக்குள் போனார்? அவர் தந்திருப்பது கண்ட காட்சியா, கண்டதைப் பற்றிய தீர்ப்பா? 'மாணவர்கள்' என்று அவர் சொல்லும் கூட்டத்தில் பேசாமல் இருந்த பிள்ளைகள் சேர்த்தியா? இந்த மூன்றுக்கும் விடை தரும் ஆய்வை நம்பி, ஒரு வகுப்பறையின் இருக்கை ஏற்பாட்டையோ விளையாட்டு நேரத்தையோ மாற்றிப் பார்க்கலாம். விடை தராததை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையைப் பற்றியும் முடிவெடுக்கக் கூடாது.